ஐகன் கணக்குகளில் மாணவர்கள் தவறுவது எங்கே?

தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரிகளில் முதல் செமஸ்டர் கணிதம் அணிகளோடுதான் தொடங்குகிறது. ஐகன் மதிப்பு, ஐகன் வெக்டர், கேலி–ஹாமில்டன் தேற்றம், செங்குத்து உருமாற்றம், இருபடி வடிவம் என்று முதல் அலகு முழுக்க ஒரே குடும்பத்துக் கணக்குகள். படிகள் எல்லாருக்கும் தெரிந்தவை. சிறப்பியல்புச் சமன்பாட்டை எழுது, மூலங்களைக் கண்டுபிடி, ஒவ்வொரு மூலத்துக்கும் வெக்டரைக் கண்டுபிடி, அவ்வளவுதான். இத்தனை தெளிவான பாதையில் நன்றாகப் படிக்கும் பிள்ளைகளும் தடுமாறுகிறார்கள். குறியை மாற்றிப் போடுகிறார்கள், பூச்சிய வெக்டரை விடையாக எழுதுகிறார்கள், இருக்கிற மூலத்தைத் தொலைக்கிறார்கள்.

இந்தத் தவறுகளைத் தனித்தனியாகப் பார்த்தால் கவனக்குறைவு என்று சொல்லிவிடத் தோன்றும். சேர்த்துப் பார்த்தால் ஒரு பொதுக் காரணம் தெரியும். படிகளில் மூழ்கியவுடன், கணக்கு எதைக் கேட்கிறது என்பது மறந்துபோகிறது. கேள்வி இதுதான்: A என்ற அணியால் பெருக்கினால், தன்னுடைய ஒரு மடங்காகவே திரும்பி வரும், பூச்சியமல்லாத வெக்டர் எது? AX = λX, X ≠ 0. இந்த ஒரு வரியில் இரண்டு பகுதிகள் உள்ளன. முதல் பகுதியை மறந்தால் குறிப்பிழைகள் கண்ணில் படுவதில்லை. இரண்டாம் பகுதியை மறந்தால் கணக்குக்கே பொருள் இல்லாமல் போகிறது.

பூச்சியம் எங்கே ஆகும், எங்கே ஆகாது

இரண்டாம் பகுதியிலிருந்து தொடங்கலாம். X ≠ 0 என்ற நிபந்தனையை வெறும் சம்பிரதாயமாக நினைத்துப் பலர் விட்டுவிடுகிறார்கள். பூச்சிய வெக்டரை எந்த அணியால் பெருக்கினாலும் பூச்சியம்தான் வரும், எந்த எண்ணால் பெருக்கினாலும் பூச்சியம்தான் வரும். ஆகவே X = 0 என்பதை அனுமதித்துவிட்டால் 5, −7, 1000 என எந்த எண்ணும் எந்த அணிக்கும் ஐகன் மதிப்பாகிவிடும். |A − λI| = 0 என்ற சமன்பாடு பிறப்பதே இந்த நிபந்தனையிலிருந்துதான். (A − λI)X = 0 என்ற சமப்படித்தான தொகுப்புக்கு வெளிப்படைத் தீர்வு எப்போதும் உண்டு. அதைத் தவிர வேறு தீர்வும் வேண்டும் என்று கேட்கும்போதுதான் அணிக்கோவை பூச்சியமாக வேண்டியிருக்கிறது.

நிரூபணக் கேள்விகளிலும் இந்த நிபந்தனைதான் வேலை செய்கிறது. நேர்மாறு உள்ள A-க்கு λ ஐகன் மதிப்பு என்றால், அதன் நேர்மாறுக்கு 1/λ ஐகன் மதிப்பு என்று நிரூபிக்கச் சொல்வார்கள். பல விடைகள் AX = λX என்பதை நேர்மாறால் பெருக்கி, λ-ஆல் வகுத்து, இரண்டே வரியில் முடிந்துவிடும். λ பூச்சியமாக இருந்தால் அந்த வகுத்தல் செல்லாது. λ = 0 என்றால் AX = 0. A-க்கு நேர்மாறு இருப்பதால் X = 0 என்று வந்துவிடும். அது நிபந்தனைக்கு முரண், ஆகவே λ ≠ 0. இந்த மூன்றாவது வரி இல்லாத நிரூபணம் முழுமையானதல்ல.

இன்னொரு குழப்பம் இதற்கு நேர் எதிர்ப்பக்கத்தில் இருக்கிறது. வெக்டர்தான் பூச்சியமாகக் கூடாது, ஐகன் மதிப்பு தாராளமாகப் பூச்சியமாகலாம். அணிக்கோவை பூச்சியமாக உள்ள ஒவ்வொரு சதுர அணிக்கும் 0 ஓர் ஐகன் மதிப்பு. இந்த இரண்டையும் கலந்துவிடுகிறவர்கள் 0 என்ற மூலம் வந்தவுடன் பயந்துவிடுகிறார்கள். λ³ − 18λ² + 45λ = 0 என்று வந்தால், λ-ஆல் வகுத்து, மிஞ்சும் இருபடிச் சமன்பாட்டை மட்டும் தீர்த்து, இரண்டே ஐகன் மதிப்புகளோடு நிறுத்திவிடுகிறார்கள். மூன்று வரிசை அணிக்கு மீள்வருவதையும் சேர்த்து எண்ணினால் மூன்று மதிப்புகள் இருந்தாக வேண்டும். வகுக்காமல் λ-ஐப் பொதுக் காரணியாக வெளியே எடுத்தால் இந்தத் தவறு நேராது.

ஒரு குறி மாறினால் என்ன ஆகிறது

மேலே சொன்ன முப்படிச் சமன்பாடு, பாடநூல்களில் அடிக்கடி வரும் இந்த அணிக்கு உரியது:

```
      8   −6    2
A =  −6    7   −4
      2   −4    3
```

நம் வகுப்பறைகளில் இதற்குப் பழகிய வழி λ³ − S₁λ² + S₂λ − S₃ = 0. S₁ என்பது முதன்மை மூலைவிட்ட உறுப்புகளின் கூடுதல், S₂ அந்த உறுப்புகளின் சிற்றணிக்கோவைகளின் கூடுதல், S₃ அணிக்கோவை. இங்கே S₁ = 8 + 7 + 3 = 18. S₂-க்கு மூன்று சிற்றணிக்கோவைகள்: 21 − 16 = 5, 24 − 4 = 20, 56 − 36 = 20. கூட்டினால் 45. S₃ = 0. மூலங்கள் 0, 3, 15.

இப்போது ஒரு மாணவர் முதல் சிற்றணிக்கோவையில் தவறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். 7 × 3 − (−4)(−4) என்று எழுதியவர், மூன்று கழித்தல் குறிகளையும் சேர்த்துப் பார்த்து 21 + 16 = 37 என்று போட்டுவிடுகிறார். இது மிகச் சாதாரணமான தவறு. இரண்டு கழித்தல் குறிகள் சேர்ந்து கூட்டல் ஆன பிறகும், சூத்திரத்தின் கழித்தல் குறி மிச்சம் இருக்கிறது. அதுதான் விட்டுப்போனது. அணிக்கோவையை அவர் மூன்றாம் நிரை வழியாக விரித்தால் அந்தத் தவறான சிற்றணிக்கோவை அங்கே வருவதே இல்லை, ஆகவே S₃ = 0 என்று சரியாகவே கிடைக்கிறது.

அவருடைய S₂ = 37 + 20 + 20 = 77. சமன்பாடு λ(λ² − 18λ + 77) = 0. இது λ(λ − 7)(λ − 11) = 0 என்று அழகாகக் காரணிப்படுகிறது. மூலங்கள் 0, 7, 11. எல்லாம் முழு எண்கள். தசமமோ வர்க்கமூலமோ எட்டிப் பார்க்கவில்லை. மாணவருக்குச் சந்தேகம் வர வழியே இல்லை.

சரிபார்க்கத் தெரிந்தவர் என்றாலும் அவர் இங்கே தப்ப மாட்டார். ஐகன் மதிப்புகளின் கூடுதல் மூலைவிட்டக் கூடுதலுக்குச் சமம்: 0 + 7 + 11 = 18, பொருந்துகிறது. பெருக்கல் பலன் அணிக்கோவைக்குச் சமம்: 0, அதுவும் பொருந்துகிறது. வகுப்பில் சொல்லித்தரும் இரண்டு சோதனைகளும் S₁, S₃ இரண்டை மட்டுமே தொடுகின்றன. தவறு S₂-இல் இருந்தால் அவற்றுக்குத் தெரியாது.

அடுத்து வெக்டர். λ = 7 என்று போட்டால் வரும் மூன்று சமன்பாடுகள்:

```
 x − 6y + 2z = 0
−6x + 0y − 4z = 0
2x − 4y − 4z = 0
```

இரண்டாவதிலிருந்து z = −3x/2. முதலாவதில் போட்டால் y = −x/3. இரண்டையும் மூன்றாவதில் போட்டால் 28x/3 = 0, ஆகவே x = 0, y = 0, z = 0. பூச்சிய வெக்டர் மட்டுமே தீர்வு.

இந்த இடத்தில்தான் ஐகன் கணக்கு மாணவரிடம் நேராகப் பேசுகிறது. வெக்டரைத் தேடும்போது x = y = z = 0 என்பது மட்டுமே தீர்வாக வந்தால், அந்த λ ஐகன் மதிப்பே அல்ல என்று பொருள், அல்லது A − λI எழுதியதில் பிழை இருக்கிறது. அதை X = (0, 0, 0) என்று விடையாக எழுதிக் கோடு போட்டு முடிப்பவர், கையில் கிடைத்த எச்சரிக்கையை வீணாக்குகிறார். அந்தக் கணத்தில் செய்ய வேண்டியது ஒன்றே: திரும்பிப் போய் S₂-ஐயும், சமன்பாடுகளின் குறிகளையும் மறுபடி பார்ப்பது.

குறுக்குப் பெருக்கல் மறைத்துவிடும் பிழை

ஆனால் இந்த எச்சரிக்கை எல்லாருக்கும் கிடைப்பதில்லை. காரணம், பெரும்பாலோர் மூன்று சமன்பாடுகளையும் தொடுவதில்லை. முதல் இரண்டை எடுத்துக் குறுக்குப் பெருக்கல் முறையில் வெக்டரைக் கண்டுபிடித்துவிடுவார்கள். அதே தவறான λ = 7-க்கு அப்படிச் செய்து பார்த்தால் x/24 = y/(−8) = z/(−36), அதாவது X = (6, −2, −9). பூச்சியமல்லாத, பார்க்க ஒழுங்கான ஒரு வெக்டர்.

இது எங்கிருந்து வந்தது? மூன்று மாறிகளில் இரண்டு சமப்படித்தான சமன்பாடுகளுக்கு, λ எதுவாக இருந்தாலும், பூச்சியமல்லாத தீர்வு எப்போதும் உண்டு. ஆகவே இரண்டு சமன்பாடுகளோடு நின்றுவிடுகிறவருக்கு எந்தத் தவறான λ-வுக்கும் ஒரு ‘விடை’ கிடைத்துவிடும். λ சரியா என்று சொல்லக்கூடியது பயன்படுத்தாமல் விட்ட மூன்றாவது சமன்பாடு மட்டும்தான். அதில் (6, −2, −9) போட்டால் 12 + 8 + 36 = 56. பூச்சியம் இல்லை. தவறு வெளியே வந்துவிட்டது.

λ சரியாக இருந்து, குறுக்குப் பெருக்கலில் குறி தவறினாலும் இதே சோதனை பிடித்துவிடும். சரியான மதிப்பு λ = 3-ஐ எடுத்துக்கொண்டால் முதல் இரண்டு சமன்பாடுகள் 5x − 6y + 2z = 0, −6x + 4y − 4z = 0. x-க்குக் கீழே (−6)(−4) − (2)(4) = 16. y-க்குக் கீழே (2)(−6) − (5)(−4) = 8. z-க்குக் கீழே (5)(4) − (−6)(−6) = −16. ஆகவே X = (2, 1, −2). நடுவில் உள்ள y-க்குத்தான் கெழுக்களை எடுக்கும் வரிசை மாறும். அதை மற்ற இரண்டைப் போலவே இடமிருந்து வலமாக எடுத்துவிட்டால் −8 வந்து, வெக்டர் (2, −1, −2) ஆகிவிடும். மூன்றாவது சமன்பாடு 2x − 4y = 0. சரியான வெக்டருக்கு 4 − 4 = 0. தவறானதற்கு 4 + 4 = 8.

மதிப்புகளை மட்டும் சோதிக்க இன்னொரு வழியும் உண்டு. சமச்சீர் அணியில் எல்லா உறுப்புகளின் வர்க்கங்களின் கூடுதல், ஐகன் மதிப்புகளின் வர்க்கங்களின் கூடுதலுக்குச் சமம். இந்த அணியில் 64 + 49 + 9, அதோடு இருமுறை 36 + 4 + 16, ஆக 234. சரியான மதிப்புகளுக்கு 0 + 9 + 225 = 234. தவறான மதிப்புகளுக்கு 0 + 49 + 121 = 170. S₂-இல் ஒளிந்திருந்த பிழையை இது ஒரே வரியில் காட்டிவிடுகிறது.

சமச்சீர் அணிக்கு வேறொரு பாதுகாப்பும் உண்டு. மெய்யெண் உறுப்புகளைக் கொண்ட சமச்சீர் அணியின் ஐகன் மதிப்புகள் எல்லாம் மெய்யெண்களே என்று பிரெஞ்சுக் கணிதர் கோஷி 1829-இல் நிறுவினார். ஆகவே அப்படிப்பட்ட அணிக்குக் கலப்பெண் மூலம் வந்தால் அங்கேயே நிறுத்திவிடலாம். மூலைவிட்டத்தில் 2, 2, மற்ற இரு இடங்களில் 1, 1 உள்ள அணிக்கு அணிக்கோவை 4 − 1 = 3, மூலங்கள் 1, 3. அதை 4 + 1 = 5 என்று போட்டால் λ² − 4λ + 5 = 0 வந்து, மூலங்கள் 2 ± i ஆகிவிடும். இந்த அணிக்கு அது சாத்தியமே இல்லை.

A − λI என்று எழுதும்போதே நுழையும் தவறுகள்

சில பிழைகள் முதல் வரியிலேயே நுழைந்துவிடுகின்றன. இதைக் காட்ட ஒரு சிறிய அணி போதும்:

```
B =  4   1
     2   3
```

λ² − 7λ + 10 = 0, மூலங்கள் 5, 2.

முதல் வகைத் தவறு, λ-ஐ மூலைவிட்டத்தில் மட்டுமல்லாமல் எல்லா உறுப்புகளிலிருந்தும் கழிப்பது. I-ஐ மறந்து A − λ என்று எழுதிப் பழகியவர்களிடம் இது வருகிறது. அப்படிச் செய்தால் (4 − λ)(3 − λ) − (1 − λ)(2 − λ) = 10 − 4λ. λ² அடிபட்டுப் போய்விட்டது. இரண்டு வரிசை அணிக்கு இருபடிச் சமன்பாடுதான் வர வேண்டும், மூன்று வரிசைக்கு முப்படிதான். படி குறைந்தால் அங்கேயே பிழை என்று அறியலாம்.

இரண்டாவது வகை நுட்பமானது. சில நூல்கள் A − λI என்று எழுதும், சில λI − A என்று எழுதும். இரண்டும் சரி, கலந்தால் தவறு. λI − B என்று எழுத நினைத்தவர், மூலைவிட்டத்தில் λ − 4, λ − 3 என்று மாற்றிவிட்டு, மற்ற இரு உறுப்புகளின் குறியை மாற்றாமல் 1, 2 என்றே விட்டுவிடுகிறார். இரண்டு வரிசை அணியில் அந்த இரண்டும் ஒன்றோடொன்று பெருக்கப்படுவதால் குறிப்பிழை தெரியாது. அதே λ² − 7λ + 10, அதே 5, 2. ஆனால் λ = 5-ஐப் போட்டால் x + y = 0 என்று வந்து வெக்டர் (1, −1) ஆகிறது. சரியான சமன்பாடு −x + y = 0, சரியான வெக்டர் (1, 1). B-ஆல் பெருக்கிப் பார்த்தால் (1, −1) என்பது (3, −1) ஆகிறது. அதன் ஐந்து மடங்கு (5, −5) அல்லவா வர வேண்டும்? (1, 1)-ஐப் பெருக்கினால் (5, 5) வருகிறது. மதிப்பு சரியாக இருந்துவிட்டால் வெக்டரும் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பக் கூடாது என்பதற்கு இது நல்ல சான்று.

மூன்றாவது வகை, காஸ் நீக்கல் முறையை இடம் தெரியாமல் பயன்படுத்துவது. முக்கோண அணியின் ஐகன் மதிப்புகள் அதன் மூலைவிட்ட உறுப்புகளே என்பது சரியான விதி. அதை நினைவில் வைத்திருப்பவர், B-ஐ முதலில் நிரைச் செயல்களால் முக்கோணமாக்கிவிட்டு மூலைவிட்டத்தைப் படிக்கிறார். இரண்டாம் நிரையிலிருந்து முதல் நிரையின் பாதியைக் கழித்தால் மூலைவிட்டத்தில் 4, 2.5 நிற்கும். பெருக்கினால் 10, அணிக்கோவை மாறவில்லை. கூட்டினால் 6.5, வர வேண்டியது 7. நிரைச் செயல்கள் ஐகன் மதிப்புகளை மாற்றிவிடும். λ-இன் மதிப்பைப் போட்ட பிறகு, (A − λI)X = 0 என்ற தொகுப்பைத் தீர்க்க மட்டுமே அவற்றைப் பயன்படுத்தலாம்.

மீள்வரும் மதிப்பு

ஐகன் மதிப்பு இரண்டு முறை வந்தால் குழப்பம் கூடுகிறது. பாடநூல்களில் பழகிய மற்றோர் அணி இது:

```
      6   −2    2
C =  −2    3   −1
      2   −1    3
```

இதன் ஐகன் மதிப்புகள் 8, 2, 2. λ = 8-க்கு வெக்டர் (2, −1, 1). λ = 2 என்று போட்டால் மூன்று சமன்பாடுகளும் 2x − y + z = 0 என்ற ஒன்றாகவே சுருங்கிவிடும். இங்கே குறுக்குப் பெருக்கல் செய்பவருக்கு மூன்று இடத்திலும் பூச்சியமே வரும். இது முன்பு சொன்ன எச்சரிக்கை அல்ல. முன்பு சமன்பாடுகள் பூச்சிய வெக்டரை மட்டுமே ஏற்றன. இங்கே தீர்வுகள் ஏராளம், சமன்பாடுகள் ஒன்றுபோல இருப்பதால் கருவிதான் வேலை செய்யவில்லை. வேறுபாட்டை அறிய, சமன்பாடுகள் ஒன்று மற்றொன்றின் மடங்கா என்று பார்த்தாலே போதும்.

தீர்வு எளிது. x = 0 என்று வைத்தால் y = z, வெக்டர் (0, 1, 1). இரண்டாவதற்கு y = 0 என்று வைத்தால் (1, 0, −2). இரண்டும் ஐகன் வெக்டர்களே, நேரியல் சார்பற்றவையும்கூட. ஆனால் கேள்வி செங்குத்து உருமாற்றத்தைக் கேட்டால் இந்த இணை உதவாது, இவற்றின் புள்ளிப் பெருக்கம் −2. அதைக் கவனிக்காமல் நீளத்தால் வகுத்து N அணியை அமைப்பவருக்கு, கடைசியில் NᵀCN மூலைவிட்ட அணியாக வராது. இரண்டாம் வெக்டரை (a, b, c) என்று வைத்து, 2a − b + c = 0 என்ற சமன்பாட்டோடு, (0, 1, 1)-க்குச் செங்குத்து என்ற b + c = 0 நிபந்தனையையும் சேர்க்க வேண்டும். விடை (1, 1, −1).

சமச்சீரற்ற அணியில் நிலைமை வேறு. மூலைவிட்டத்தில் 2, 2, வலது மேல் மூலையில் 1, இடது கீழ் மூலையில் 0 உள்ள அணிக்கு 2 என்பது இருமுறை வரும் மதிப்பு. சமன்பாடு தருவது y = 0 மட்டுமே, ஆகவே (1, 0) என்ற ஒரே திசை. இரண்டு வெக்டர் வேண்டுமே என்று (1, 0), (2, 0) இரண்டையும் எழுதுவது தவறு, ஒன்று மற்றதன் மடங்கு. இந்த அணியை மூலைவிட்டமாக்க முடியாது என்பதே சரியான விடை. அதே காரணத்தால், புத்தகத்தில் (2, 1, −2) என்றும் கையில் (−2, −1, 2) என்றும் இருந்தால் பதற வேண்டியதில்லை, இரண்டும் ஒரே விடை.

இத்தவறுகளில் பெரும்பாலானவற்றுக்குப் பொதுவான சோதனை, கிடைத்த வெக்டரை மூல அணியால் பெருக்கி, λ மடங்காக வருகிறதா என்று பார்ப்பதுதான். மூன்று வரிசை அணிக்கு ஒரு வெக்டருக்கு ஒன்பது பெருக்கல்கள். சுவடு, அணிக்கோவை ஆகிய இரண்டு சோதனைகளும் கைவிட்ட இடத்தில்கூட இது தவறைக் காட்டும். ஆசிரியர்கள் இந்தச் சரிபார்ப்பு வரியை விடையின் ஒரு படியாகவே கேட்டு, அதற்கென ஒரு மதிப்பெண்ணை ஒதுக்க வேண்டும். அதுவரை மாணவர்கள், குறுக்குப் பெருக்கலுக்குப் பயன்படாத மூன்றாவது சமன்பாட்டில் தங்கள் வெக்டரைப் போட்டுப் பார்க்காமல் அடுத்த λ-வுக்குப் போகாதிருக்கட்டும்.